மார்ச் 26, புதன்கிழமை, காலை 9 மணி

கொட்டேஷன் கேட்டால் அரை மணி நேரத்தில் அடித்து அனுப்பிவிடுவேன். பாக்கி கேட்டு நாலு வரி எழுதச் சொன்னால் நாலு நாள் ஆகும். கிருஷ்ணகிரியில் பதினோரு வருடமாக கம்ப்யூட்டர், கேமரா, கைரேகை வருகைப்பதிவு மெஷின் பராமரிக்கிற தொழில். கடை என்று பார்த்தால் ஒரு ஷட்டர், ஆள் என்று பார்த்தால் நானும் இரண்டு பையன்களும். போன வருடம் மார்ச்சில் ஒரு வாடிக்கையாளருக்கு, பணம் வராவிட்டால் வேலையை நிறுத்தி வைப்போம் என்று முதல் தடவையாகக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்கூட இல்லாத கடிதம். அதை மூன்று முறை எழுத வேண்டியிருந்தது, மூன்றாவதிலும் ஒரு ஓட்டை விட்டிருந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வாடிக்கையாளர், காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலை. முதலாளி நல்ல மனிதர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எடைமேடை கம்ப்யூட்டர், ஆபீஸில் ஆறு கம்ப்யூட்டர், முப்பத்திரண்டு கேமரா, இரண்டு கைரேகை மெஷின். மாதம் 8,500 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 10,030. மாதக் கடைசியில் பில், அதிலிருந்து 30 நாளில் பணம் என்று ஒப்பந்தத்திலேயே கையெழுத்து இருக்கிறது. 2024 அக்டோபர் பில்லிலிருந்து பணம் வரவில்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று நாலு பில் சேர்ந்துவிட்டது. போனில் கேட்டால் "அடுத்த வாரம் போட்டுடலாம்ப்பா" என்பார் அண்ணா. கணக்குப் பிரிவு மேனேஜரைக் கேட்டால் "சார் ஓகே சொல்லணும்" என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த அடுத்த வாரம் மட்டும் வரவே இல்லை. நடுவில் நான் மாதாமாதம் 1,530 ரூபாய் ஜி.எஸ்.டி.யை கைக்காசிலிருந்து கட்டிக்கொண்டிருந்தேன். பில் போட்டாலே வரி கட்டியாக வேண்டும், பணம் வந்ததா என்று அரசாங்கம் கேட்காது.

முதல் கடிதத்தை ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு எழுதினேன். அந்த நேரத்தில் எழுதியதே தப்பு. "பலமுறை தொலைபேசியில் தொடர்பு கொண்டும் தங்கள் தரப்பிலிருந்து எவ்வித பதிலும் இல்லை" என்று ஆரம்பித்து, நாங்கள் எவ்வளவு உண்மையாக உழைத்தோம், தீபாவளிக்கு முந்தின நாள்கூட வந்து கேமரா சரி செய்தோம் என்று ஒரு பத்தி. பிறகு "உடனடியாக நிலுவைத் தொகையைச் செலுத்தத் தவறினால் எங்கள் சேவையை நிறுத்த நேரிடும் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று முடிவு. படித்துப் பார்த்தால் எனக்கே கம்பீரமாக இருந்தது.

அத்தை படித்த விதம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டில் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நகைக்கடன் தவணை தாண்டியவர்களுக்கு ஏல அறிவிப்பு எழுதுவது அவர் மேசை வேலை. கடிதத்தை போனில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு முறை கீழே வரை தள்ளினார், மறுபடி மேலே வந்தார்.

"நீ கோபமா இருக்கேன்னு தெரியுதுடா. எவ்வளவு தரணும், என்னிக்குள்ள தரணும், அதெங்க இருக்கு?"

தொகை இல்லை. தேதி இல்லை. எந்தக் கணக்கில் போட வேண்டும் என்பதும் இல்லை. தீபாவளி இருந்தது.

அப்புறம் சொன்னார்: நோட்டீஸ் கையில் வாங்குகிற யாரும் முதலில் பேரைப் பார்ப்பார்கள், அடுத்து ரூபாயைப் பார்ப்பார்கள், அடுத்து தேதியை. மூன்றும் பார்த்த பிறகு மிச்சத்தைப் படிக்கிறவர்கள் சண்டைக்கு வருகிறவர்கள் மட்டும்தான். "அவங்களுக்கு நீ நாலு வரி அதிகமா எழுதினா, நாலு காரணம் அதிகமா குடுத்த மாதிரி." தீபாவளி வரியைக் காட்டி, "இதுக்கு அவரு, 'ஏன், அதுக்கு முந்தின வாரம் நீ வரலையே'ம்பாரு. முடிஞ்சுது, பேச்சு அங்க போயிடும்" என்றார். நான் டீ ஆறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் அதிக நேரம் நின்றது "நிறுத்த நேரிடும்" என்ற இடத்தில். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் என்று எல்லா நோட்டீசிலும் இந்த வார்த்தை இருக்கிறது, படித்துப் படித்து மரத்துப் போன வார்த்தை. யார் நிறுத்துவார், எப்போது நிறுத்துவார் என்று எதுவும் அதில் இல்லை. ஏதோ மழை வருவது போல அதுவாக நேர்ந்துவிடும். அடுத்தது "தவறினால்". நீங்கள் செலுத்தத் தவறினால் என்று எழுதும்போதே எதிராளி தப்பு செய்தவர் ஆகிவிடுகிறார். தமிழில் இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது, பணத்தையே எழுவாயாக்கிவிடலாம். "தொகை வந்து சேராவிட்டால்." வராதது பணம், ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதே வாக்கியத்தின் அடுத்த பாதியில் மட்டும் நாம் வெளிப்படையாக வந்து நிற்க வேண்டும்: "நிறுத்தி வைக்கிறோம்". நிறுத்துவது வேறு, நிறுத்தி வைப்பது வேறு. வைத்ததை எடுத்துவிடலாம், திரும்ப ஆரம்பிக்கலாம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. துண்டிப்பு, ரத்து போன்றவற்றை எழுதினால் உறவு முடிந்தது என்று அர்த்தமாகிவிடும், எனக்கு அந்த வாடிக்கையாளர் வேண்டும். "கடன்" என்றும் எழுதக் கூடாதாம். கடன் என்றால் மானப் பிரச்சினை. பேச்சில் பாக்கி, எழுத்தில் நிலுவை, அதோடு சரி.

முந்நூற்று நாற்பது ரூபாய்

இரண்டாவது கடிதத்தில் தொகை போட்டேன். நாலு பில் 40,120, டிசம்பரில் கேமரா ரெக்கார்டருக்கு மாற்றிய ஹார்ட் டிஸ்க் ஜி.எஸ்.டி.யோடு 16,520, ஆக மொத்தம் 56,640. அனுப்பும் முன்னால் எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் பையனிடம் காட்டினேன், நல்லவேளை. "அண்ணா, அவங்க டி.டி.எஸ். பிடிப்பாங்களே" என்றான்.

வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகிற பராமரிப்பு ஒப்பந்தம், நான் தனிநபர், ஆகவே ஜி.எஸ்.டி. சேர்க்காத 8,500-ல் ஒரு சதவீதம், 85 ரூபாய், என் வருமான வரிக்காகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதாவது எனக்கு வர வேண்டியது பில்லுக்கு 9,945, நாலுக்கு 39,780. வித்தியாசம் வெறும் 340 ரூபாய்தான். ஆனால் அந்த 340 ரூபாயோடு கடிதம் போயிருந்தால் கணக்கு மேனேஜர் "தொகை எங்கள் லெட்ஜரோடு ஒத்துப்போகவில்லை, சரிபார்த்து அனுப்பவும்" என்று ஒரு வரி பதில் போட்டிருப்பார், இன்னொரு மாதம் ஓடியிருக்கும். அவர் கெட்டவர் இல்லை, அவர் வேலை அது. இப்போதெல்லாம் நான் செய்வது, கடிதத்துக்கு ஒரு வாரம் முன்னால் லெட்ஜர் நகல் கேட்டு வாங்கி அவர்கள் புத்தகத்தில் உள்ள எண்ணையே எழுதுவது. அவர்களே எழுதி வைத்திருக்கும் எண்ணை அவர்களால் மறுக்க முடியாது.

ஹார்ட் டிஸ்க் 16,520-ஐயும் எடுத்துவிட்டேன். பழைய டிஸ்க் வாரண்டியில் இருந்தது, அதனால் காசு தர வேண்டியதில்லை என்று அவர்கள் ஜனவரியிலேயே ஒரு மெயில் போட்டிருந்தார்கள். எனக்கு அதில் வேறு கருத்து (மின்னல் அடித்துப் போன டிஸ்க்குக்குக் கம்பெனி வாரண்டி தராது), ஆனால் அது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். தகராறு உள்ள தொகையையும் தகராறு இல்லாத தொகையையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், தகராறு மொத்த மூட்டைக்கும் ஒட்டிக்கொள்ளும். பிப்ரவரி பில்லையும் சேர்க்கவில்லை. அதற்கு இன்னும் 30 நாள் ஆகவில்லை. தவணை வராததைக் கேட்டால் தவணை தாண்டியதைக் கேட்கும் உரிமையும் இளைத்துவிடும்.

எதை நிறுத்துவது

எங்கள் பையன்களில் சின்னவனுக்கு ஒரே யோசனை. "ரிமோட்ல உள்ள போயி எடைமேடை சாஃப்ட்வேரை லாக் பண்ணிடலாம்ணா, பத்து நிமிஷத்துல பணம் வரும்." வரும்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் அவர்களுடையது. பராமரிக்கத்தான் எனக்கு அனுமதி, முடக்க இல்லை. உரிமையாளர் அனுமதியில்லாமல் ஒரு கம்ப்யூட்டரின் இயக்கத்தைக் கெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம், பாக்கி இருப்பது அதற்குச் சாக்கு ஆகாது. அப்படிச் செய்திருந்தால் பாக்கி கேட்கப் போனவன் போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். நிறுத்தி வைக்க எனக்கு உரிமை உள்ளது என் உழைப்பை மட்டும்தான்: நேரில் போவது, போனில் சொல்லித் தருவது, உதிரிபாகம் மாற்றுவது.

ராத்திரி ராத்திரி எடைமேடைக் கணக்கை இணையத்தில் நகல் எடுத்து வைக்கிற பேக்கப் ஒன்று இருக்கிறது, அதற்கு மாதச் சந்தா நான்தான் கட்டுகிறேன். அதை நிறுத்துவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். நிறுத்தி வைத்த வாரத்தில் ஒரு டிஸ்க் போய், ஒரு வருடக் கணக்கு அழிந்தால், நிலுவை 39,780 என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது, நான் கணக்கை அழித்தவன் என்பதுதான் ஊரில் நிற்கும். அதை ஓட விட்டேன், ஓடும் என்று கடிதத்திலும் எழுதினேன். பாஸ்வேர்டுகள் எல்லாம் ஏற்கெனவே உறையில் போட்டு அவர்கள் ஆபீஸில் இருக்கின்றன என்பதையும் எழுதினேன். எது நிற்காது என்று எழுதியதால் கடிதத்தின் வேகம் குறையவில்லை. நிற்கப் போவதாகச் சொன்னது உண்மையாகவே நிற்கும் என்ற நம்பிக்கைதான் கூடியது.

தேதி விஷயத்தில் நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, ஜூன் வரை பொறு என்று. பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் தொழிற்சாலை ராப்பகலாக ஓடும், வாசலில் டிராக்டரும் டிப்பரும் ரோடு வரை நிற்கும், எடைமேடை பத்து நிமிடம் நின்றால் அண்ணாவே போன் செய்வார். உண்மைதான். ஆனால் அந்த வரிசையில் வெயிலில் நிற்பது மாங்காய் கொண்டு வந்த விவசாயி. நின்றால் காய் வதங்கும், எடை குறையும், வண்டி வாடகை ஏறும். எனக்கு பாக்கி வைத்தது அவர் இல்லையே. மார்ச்சில் அனுப்ப வேறொரு காரணமும் இருந்தது, அது கணக்கு மேனேஜருக்கு மட்டும் புரிகிற காரணம். என்னைப் போல, சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு உள்ள குறு நிறுவனத்துக்கு ஒப்பந்தத் தவணைக்குள், எப்படிப் பார்த்தாலும் 45 நாளுக்குள், பணம் தர வேண்டும். தவணை தாண்டியும் மார்ச் 31 வரை தராமல் வைத்திருந்தால் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது, 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த மாற்றம் இது. இதை மிரட்டலாக விரித்து எழுதவில்லை. உத்யம் எண்ணையும் ஒரு வரியையும் போட்டேன். தாமதத்துக்கு வட்டி கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் அது வேறு கடிதம்.

எத்தனை நாள் அவகாசம் என்பதற்கு மின்சாரச் சட்டத்தைப் பார்த்தேன். பில் கட்டாத இணைப்பை அறுக்க, எழுத்தில் அறிவிப்பு கொடுத்து முழுதாக 15 நாள் விட வேண்டும் என்கிறது அந்த 2003-ஆம் வருடச் சட்டம். கொடுத்த நாளும் அறுக்கிற நாளும் அதில் சேராது. என்னை அது கட்டுப்படுத்தாது, ஆனால் ஈ.பி.க்கே பதினைந்து நாள் என்றால் எனக்கும் அது போதும். மார்ச் 10 திங்கட்கிழமை கடிதம், 11 முதல் 25 வரை பதினைந்து நாள், 26 புதன் காலை நிறுத்தம். 30-ஆம் தேதி யுகாதி வேறு, பண்டிகைக்கு முதல் நாள் நிறுத்துவது போல ஆகிவிடக் கூடாது என்றும் பார்த்தேன்.

போன கடிதம் இதுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, 2024 அக்டோபர் முதல் 2025 ஜனவரி வரையிலான நான்கு பராமரிப்பு பில்களுக்கு, டி.டி.எஸ். போக, ரூ. 39,780 நிலுவையில் உள்ளது. பில் வாரியான விவரமும் வங்கிக் கணக்கு விவரமும் இணைப்பில் உள்ளன.

இத்தொகை மார்ச் 25 செவ்வாய் மாலைக்குள் வந்து சேராவிட்டால், மார்ச் 26 புதன் காலை 9 மணி முதல் நேரடிப் பராமரிப்பு, தொலைபேசி உதவி, உதிரிபாக மாற்றம் ஆகியவற்றை நிறுத்தி வைக்கிறோம். தொகை வந்த அன்றே மீண்டும் தொடங்குவோம். தினசரி பேக்கப் இடையில் நிற்காது. பாஸ்வேர்டுகள் தங்கள் அலுவலகத்தில் உள்ளன.

டிசம்பர் ஹார்ட் டிஸ்க் பில் இதில் சேரவில்லை. அதைத் தனியே பேசிக்கொள்ளலாம். நாங்கள் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம், இந்த நான்கு பில்களும் தவணை கடந்தவை என்பதை மார்ச் 31 கணக்கு முடிவுக்காகத் தெரிவிக்கிறோம். பணம் ஏற்கெனவே அனுப்பியிருந்தால் வங்கிக் குறிப்பு எண்ணை மட்டும் தெரிவியுங்கள்."

முதலாளி பெயருக்கு ஸ்பீட் போஸ்ட், கணக்குப் பிரிவுக்கு மெயில். தொழிற்சாலை வாட்ஸ்அப் குரூப்பில் போடவில்லை, அதில் ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள் எல்லாம் இருக்கிறார்கள். மெயில் போன பத்து நிமிடத்தில் நானே அண்ணாவுக்கு போன் செய்தேன், கடிதம் மூலமாக அவருக்குத் தெரிய வேண்டாம் என்று. "ஏப்பா, நமக்குள்ள கடுதாசி போடற அளவுக்கு ஆயிடுச்சா?" என்றார். இதற்கு என்ன சொல்வது என்று முன்பே யோசித்து வைத்திருந்தேன்: "நமக்குள்ள ஒண்ணும் ஆகலைண்ணா. ஆபீஸ் கணக்கு ஆபீஸ் கணக்கா போகட்டும்னுதான்." கடிதத்தில் உள்ளதைத் தாண்டி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அது எனக்கு லேசாக இல்லை.

அந்த ஓட்டை

24-ஆம் தேதி சாயங்காலம் கணக்கில் 20,000 விழுந்தது. எந்தக் குறிப்பும் இல்லை. பாதி வந்தால் என்ன செய்வேன் என்று கடிதத்தில் நான் எழுதவே இல்லை! கணக்கு மேனேஜர் போன் எடுக்கவில்லை. நிறுத்தினால் பணம் தந்த பிறகும் நிறுத்தினான் என்பார்கள், நிறுத்தாவிட்டால் இனி எல்லா தேதியும் பாதிப் பணத்துக்கு விற்பனை. ராத்திரி இரண்டு வரி அனுப்பினேன்: "ரூ. 20,000 கிடைத்தது, நன்றி. பழைய பில்லிலிருந்து வரவு வைத்துள்ளோம், மீதி ரூ. 19,780. தேதி மாறவில்லை." அக்டோபர், நவம்பர் பில் தீர்ந்து டிசம்பரில் 110 ரூபாய் வரவு. இந்த வருடத்திலிருந்து கடிதத்திலேயே ஒரு வாக்கியம் சேர்க்கிறேன்: பகுதித் தொகை பழைய பில்லில் வரவு வைக்கப்படும், மீதிக்குப் புதிய தேதியை எழுத்தில் ஒப்புக்கொண்டால் தவிர அறிவித்த தேதி அப்படியே இருக்கும்.

26 காலை 9.40-க்கு போன். கைரேகை மெஷின் பேசவில்லை, முதல் ஷிஃப்ட் ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். பெரிய பையன் கேட்டுக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டிவிட்டான், அவனுக்கு அது பழக்கம். நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். போனில் "சார், இன்னிக்கு 9 மணியிலிருந்து நிறுத்தி வெச்சிருக்கோம், கணக்கு ஆபீஸ்ல கடிதம் இருக்கு. இப்போதைக்கு நோட்டுல கையெழுத்து வாங்கிக்குங்க" என்றேன். பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு முழுவதும் கடைக்கு வந்த ஒரு வேலையும் எனக்கு ஓடவில்லை.

27-ஆம் தேதி மாலை 5.10-க்கு 19,780 வந்தது. பைசா சுத்தமாக, அந்த இரண்டு வரியில் இருந்த அதே தொகை. ஆறு மணிக்கு நானே போனேன். மெஷினுக்குப் பின்னால் எலி கடித்த நெட்வொர்க் ஒயர், இருபது நிமிட வேலை. முடித்துக்கொண்டு கிளம்பும்போது அண்ணா மாடியிலிருந்து இறங்கி வந்தார். டீ சொன்னார். சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மின்னல் டிஸ்க் விவகாரத்தை திங்கட்கிழமை வந்து பேசு" என்றார்.